குழந்தைகளுக்கு எடைப்படி மருந்து அளவும் டிரிப் வேகமும்: ஒரே குழந்தையை வைத்துப் போடும் பயிற்சித் தாள்

குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களிடம் நான் கொடுக்கும் தாளின் விரிவான வடிவம் இது. பெருக்கவும் வகுக்கவும் தெரியாமல் தப்பு செய்தவர்களை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. சறுக்குவது இரண்டே இடத்தில்தான். ஒன்று, படிகளின் வரிசையை மாற்றி, பாட்டிலைக் கையில் எடுத்த பிறகு எடையைத் தேடுவது. இன்னொன்று, சரிபார்க்கிறேன் என்று சொல்லி அதே கணக்கை அதே திசையில் இன்னொரு முறை போடுவது. அப்படிப் போட்டால் முதல் முறை எந்த இடத்தில் தப்பினீர்களோ அதே இடத்தில் இரண்டாவது முறையும் தப்பி, "ரெண்டு தடவை பார்த்துட்டேன், சரிதான்" என்ற தைரியம் மட்டும் மிஞ்சும்.

தாள் முழுக்க ஒரே குழந்தைதான். வயது 2, எடை 11.4 கிலோ. எடையை 10 என்றோ 20 என்றோ வைத்தால் கணக்கு மனதிலேயே ஓடிவிடும், தசமப் புள்ளி எங்கே நகர்ந்தது என்பது கண்ணில் படாது. அதனால் வேண்டுமென்றே கரடுமுரடான எண். இதிலுள்ள அளவுகள் பயிற்சிக்கானவை. உங்கள் வார்டில் டாக்டரின் ஆர்டரும் அங்குள்ள நெறிமுறையும்தான் செல்லும்.

1. பேனாவைத் திறக்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

இன்றைய எடை, கேஸ் ஷீட்டில் உள்ள ஆர்டர், கொடுக்கப்போகும் அதே பாட்டில் அல்லது வயால், மருந்தை எடுக்கப்போகும் அதே சிரிஞ்ச், மாட்டப்போகும் அதே டிரிப் செட். "அதே" என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அலமாரியில் என்ன இருக்கும் என்ற ஞாபகத்தில் கணக்குப் போட்டுவிட்டு மருந்தறைக்குப் போனால், அங்கே நேற்று வந்த புதுச் சரக்கில் வேறு செறிவு இருக்கும். ஞாபகத்தில் இருந்த 250 கையில் 500 ஆகிவிடும்.

தாளில் ஒவ்வொரு மருந்துக்கும் எட்டு வரி விடுங்கள்: எடை, ஆர்டர், ஒரு வேளை அளவு, உச்சவரம்பு, லேபிள் செறிவு, எடுக்க வேண்டிய மில்லி, திரும்பு கணக்கு, இரண்டாவது ஆள். இந்த வரிசை மாறக்கூடாது. உச்சவரம்பு ஏன் மில்லிக்கு முன்னால் வருகிறது என்று கேட்பார்கள். சிரிஞ்சில் மருந்து ஏறிய பிறகு "இது அதிகமோ" என்று யோசிக்க யாருக்கும் மனசு வராது. காகிதத்தில் எண்ணாக இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

2. எடை: கிலோவில், இன்றைக்கு, கையில் என்ன கட்டியிருக்கிறது என்று பார்த்து

அம்மாவிடம் கேட்டால் "பன்னெண்டு இருக்கும் சிஸ்டர்" என்பார். போன மாத ஓ.பி. சீட்டில் 10.8 என்று இருக்கும். இரண்டையும் தாளில் எழுத வேண்டாம். எடை இயந்திரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, செருப்பும் நனைந்த டயப்பரும் இல்லாமல் நிறுத்தி, தேதியோடு எழுதுங்கள். கையில் டிரிப் போட்டுப் பலகை வைத்துக் கட்டியிருந்தால் அதன் எடையும் சேர்ந்துவிடும். பெரிய பிள்ளைக்கு அது பொருட்டில்லை. நான்கு கிலோக் குழந்தைக்குப் பொருட்டுதான்.

அப்புறம் ஒரு வயதுப் பொருத்தம். ஒன்றிலிருந்து பத்து வயது வரை, வயதோடு 4 கூட்டி 2-ஆல் பெருக்கினால் தோராய எடை வரும். நம் குழந்தைக்கு (2 + 4) × 2 = 12. இயந்திரம் 11.4 காட்டியது, ஒத்துப்போகிறது. 21.4 என்று எழுதியிருந்தால் இங்கேயே பிடிபட்டிருக்கும். இந்தச் சூத்திரம் எடை பார்க்கவே முடியாத அவசரத்துக்கும், எழுதிய எடை நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்கவும் மட்டும்தான். இயந்திரம் பக்கத்தில் இருக்கும்போது சூத்திர எடையில் மருந்து கொடுப்பது சோம்பேறித்தனம்.

3. ஆர்டரை வாய்விட்டு வாசிப்பது

கண்ணால் பார்த்தால் மனசு தனக்குப் பழகியதைப் படித்துக்கொள்ளும். அதனால் நான்கு கேள்விக்கும் ஆர்டரிலிருந்தே பதில் சொல்லிப் பாருங்கள். என்ன மருந்து? கிலோவுக்கு எவ்வளவு? அது ஒரு வேளைக்கா, ஒரு நாளுக்கா, ஒரு நிமிடத்துக்கா? மில்லிகிராமா, மைக்ரோகிராமா?

மூன்றாவது கேள்விதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. நாளுக்கு 100 மில்லிகிராம், இரண்டு வேளையாக என்ற ஆர்டரை வேளைக்கு 100 என்று படித்தால் குழந்தைக்கு இரண்டு மடங்கு போகும், விடை மட்டும் பார்க்க அழகாகவே இருக்கும். ஆர்டரில் வேளையா நாளா என்று இல்லையென்றால் ஊகிக்காதீர்கள். டாக்டரைக் கூப்பிட்டு எழுதி வாங்குங்கள். திட்டுவார் என்ற பயத்தில் ஊகித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எழுதும்போது ஒரு வழக்கம்: அரை மில்லி என்றால் 0.5, முன்னால் பூஜ்யம் கட்டாயம். வெறும் .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகும். ஐந்து என்றால் 5 மட்டும், 5.0 என்று எழுதினால் அது 50 ஆகக் காத்திருக்கிறது. மைக்ரோகிராமைக் குறியீட்டில் எழுதாமல் முழுச் சொல்லாக எழுதுங்கள். கையெழுத்தில் அந்தக் குறியீடும் மில்லியின் எழுத்தும் ஒன்றுபோலவே விழும், இரண்டுக்கும் நடுவே ஆயிரம் மடங்கு.

4. முதல் கணக்கு: பாராசிட்டமால் சிரப்

ஆர்டர்: வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், வாய்வழி, தேவைப்பட்டால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை.

```
15 mg/kg x 11.4 kg = 171 mg
```

அடுத்து உச்சவரம்பு. நாளுக்கு நான்கு வேளை என்றால் 684 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 60. வரம்புக்குள்தான். கூடவே, எடைக்கணக்கு எவ்வளவு காட்டினாலும் பெரியவர்களுக்கான அளவைத் தாண்டக்கூடாது. 78 கிலோ எடையுள்ள 14 வயதுப் பையன் வந்தால் 15-ஆல் பெருக்கி 1170 என்று எழுதி நிற்பார்கள். பெரியவர்களுக்கே ஒரு வேளைக்கு 1000 மில்லிகிராம்தான், எனவே அங்கே 1000-த்தோடு நிறுத்த வேண்டும்.

இப்போதுதான் பாட்டிலை எடுக்க வேண்டும். இந்த மருந்து நம் ஊர்க் கடைகளில் பல செறிவில் கிடைக்கிறது, இந்தக் கணக்கின் ஆபத்தே அதில்தான்:

```
120 mg / 5 ml  = 24 mg/ml    ->  171 / 24  = 7.1 ml
250 mg / 5 ml  = 50 mg/ml    ->  171 / 50  = 3.4 ml
drops 100 mg/ml              ->  171 / 100 = 1.7 ml
```

ஒரே குழந்தை, ஒரே 171 மில்லிகிராம், மூன்று வெவ்வேறு மில்லி. அதனால்தான் "7 மில்லி கொடுங்க" என்று வாயால் சொல்வதை எங்கள் வார்டில் ஒப்புக்கொள்வதில்லை. மில்லிகிராமும் செறிவும் சேராத மில்லி வெறும் எண். 7.1 மில்லி என்று கேட்டுக்கொண்டு, சிரப் தீர்ந்துவிட்டதே என்று சொட்டுமருந்து பாட்டிலிலிருந்து எடுத்தால் 710 மில்லிகிராம் போகும். கிலோவுக்கு 62. ஒரு நாள் முழுதும் பிரித்துக் கொடுக்க வேண்டியது ஒரே வாயில்.

லேபிளைப் பார்த்ததும் முதல் வேலையாக அதை "ஒரு மில்லியில் எவ்வளவு" என்று மாற்றி எழுதுங்கள். பாதிப் பேர் இந்த வரியைத் தாண்டிக் குதித்து, 5-ஆல் பெருக்கவா வகுக்கவா என்று நடுவில் குழம்புவார்கள். ஒரு மில்லிக்குக் கொண்டுவந்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

கையில் 250/5 பாட்டில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 3.42 மில்லியை எந்த வாய்வழி சிரிஞ்சிலும் எடுக்க முடியாது. 5 மில்லி சிரிஞ்சில் கோடுகள் 0.2 இடைவெளியில் இருந்தால் 3.4 கோட்டில் விழும். அதை எடுங்கள். முழுமையாக்குவதை எப்போதும் கடைசி வரியில், சிரிஞ்சின் கோட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். நடுவில் 171-ஐ 170 என்றும், எடையை 11 என்றும் ஆக்கிக்கொண்டே வந்தால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துவிடும்.

5. திரும்பு கணக்கு: சிரிஞ்சிலிருந்து ஆர்டருக்கு

தாளின் ஏழாவது வரி. முன்பு போட்ட கணக்கைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். சிரிஞ்சில் எந்தக் கோடு வரை மருந்து இருக்கிறது என்று பாருங்கள், பாட்டில் லேபிளை மறுபடி படியுங்கள், அங்கிருந்து பின்னால் வாருங்கள்.

```
3.4 ml x 50 mg/ml = 170 mg
170 mg / 11.4 kg  = 14.9 mg/kg
```

ஆர்டர் 15. சரி, போகலாம். இதுவே 62 என்று வந்தால் நீங்கள் நின்றிருப்பீர்கள். முன்னோக்கிப் போடும் கணக்கில் விடை ஒரு மில்லியாக வரும். 7 மில்லி என்பது நல்லதா கெட்டதா என்று யாராலும் பார்த்ததும் சொல்ல முடியாது. பின்னோக்கி வரும்போது விடை கிலோவுக்கு இவ்வளவு என்று வரும், அது ஆர்டரில் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஒப்பிட ஒரு எண் கிடைக்கிறது. எனக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது, எதை விடலாம் என்று கேட்டால், இதைத் தவிர எதை வேண்டுமானாலும் விடுங்கள் என்பேன்.

6. இரண்டாவது கணக்கு: அமிகாசின் வயால்

ஆர்டர்: நாளுக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரே வேளையாக, சிரை வழி, ஒரு மணி நேரத்தில். கணக்கு மறுபடியும் 171 மில்லிகிராம். எண் ஒன்றேதான், ஆனால் மருந்து அடியோடு வேறு. அமிகாசின் கூடினால் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கும். அதனால் உச்சவரம்பு வரியில் எண்ணோடு கிரியாட்டினின் எவ்வளவு, சிறுநீர் போகிறதா என்பதையும் எழுதச் சொல்வேன். பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு அளவும் இடைவெளியும் வேறு; இந்தத் தாளை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

இதில் உள்ள பொறி வயாலின் உருவம். 100, 250, 500 மில்லிகிராம் என்று மூன்று வயால், மூன்றிலும் இருப்பது 2 மில்லிதான். ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே மூடி.

```
100 mg / 2 ml =  50 mg/ml  ->  3.4 ml
250 mg / 2 ml = 125 mg/ml  ->  1.37 ml
500 mg / 2 ml = 250 mg/ml  ->  0.68 ml
```

புதிதாக வந்த ஒருவர் தாளில் 250 வயாலுக்குச் சரியாக 1.37 என்று எழுதிவிட்டு, தட்டில் 500 வயாலை வைத்திருந்தார். அவருடைய முன்னோக்கிய கணக்கில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அப்படியே எடுத்திருந்தால் 342 மில்லிகிராம், கிலோவுக்கு 30 போயிருக்கும். வயாலைத் திரும்பப் படித்துப் பின்னோக்கி வந்தபோதுதான் தெரிந்தது. காகிதத்தை மட்டும் வைத்து எத்தனை முறை சரிபார்த்தாலும் அது பிடிபட்டிருக்காது, ஏனென்றால் தப்பு இருந்தது காகிதத்தில் இல்லை, தட்டில்.

எந்த வயாலை எடுப்பது என்று தேர்ந்தெடுக்க முடிந்தால் இந்தக் குழந்தைக்கு நான் 250-ஐ எடுப்பேன். 500-ல் 0.68 மில்லியை எடுக்க 1 மில்லி சிரிஞ்ச் வேண்டும், ஒரு சின்ன நழுவல்கூடப் பெரிய மில்லிகிராம் ஆகும். 250-ல் 2 மில்லி சிரிஞ்சில் 1.4 கோடு வரை எடுத்தால் 175 மில்லிகிராம், கிலோவுக்கு 15.4. இந்த வித்தியாசம் பரவாயில்லை.

7. ஒரு மணி நேரத்தில் 50 மில்லி: சொட்டு எண்ணுவது

எடுத்த 1.4 மில்லியைப் பியூரெட் செட்டில் நார்மல் சலைனோடு சேர்த்து மொத்தம் 50 மில்லி ஆக்குங்கள். 50 மில்லி சலைனில் 1.4-ஐ ஊற்றுவது வேறு, மொத்தத்தை 50 ஆக்குவது வேறு. இங்கே வித்தியாசம் சொற்பம், ஆனால் அடுத்த கணக்கில் இந்தப் பழக்கம் தேவைப்படும். செறிவு மில்லிக்கு 3.5 மில்லிகிராம், போதுமான அளவு நீர்த்திருக்கிறது.

சொட்டு வேகத்துக்கு ஒரே சூத்திரம்தான், செட்டின் உறையில் அச்சடித்திருக்கும் சொட்டு எண்ணிக்கையைப் போட வேண்டும்:

```
drops/min = ml/h x drops/ml / 60

micro set, 60 drops/ml :  50 x 60 / 60 = 50
macro set, 20 drops/ml :  50 x 20 / 60 = 17
```

மைக்ரோ செட்டில் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. இந்த வசதிதான் வினையும். மைக்ரோ செட்டுக்குப் பழகிய கை, அது தீர்ந்துபோன இரவில் மேக்ரோ செட்டை மாட்டி அதிலும் 50 சொட்டு வைத்துவிடும். நிமிடத்துக்கு 2.5 மில்லி ஓடி, ஒரு மணி நேர அமிகாசின் 20 நிமிடத்தில் முடியும்.

வேகத்துக்கும் திரும்பு கணக்கு உண்டு, அதைக் கடிகாரத்தில் போட வேண்டும். சொட்டை வைத்ததோடு போய்விடாதீர்கள். 15 நிமிடம் கழித்து வந்து பியூரெட்டைப் பாருங்கள். 50-ல் கால்வாசி, அதாவது 12 அல்லது 13 மில்லி குறைந்திருக்க வேண்டும். குழந்தை கையை மடக்கினால் சொட்டு குறையும், நீட்டினால் கூடும். ஒரு நிமிடம் எண்ணிய சொட்டு ஒரு மணி நேரத்துக்குச் சாட்சி ஆகாது.

பியூரெட் காலியானதும் மருந்து முடிந்தது என்று எழுதிவிடுவதும் வழக்கமான தவறு. கீழே உள்ள குழாயில் இன்னும் சில மில்லி மருந்து நிற்கிறது. பின்னாலேயே கொஞ்சம் சலைன் விட்டு அதையும் உள்ளே அனுப்பினால்தான் அளவு முழுமை. அந்த 50 மில்லியையும் இந்தச் சலைனையும் அன்றைய திரவக் கணக்கில் சேருங்கள். இந்தக் குழந்தைக்கு நாளுக்கான பராமரிப்புத் திரவம், முதல் 10 கிலோவுக்கு 100 மில்லி வீதமும் மீதி 1.4 கிலோவுக்கு 50 மில்லி வீதமும் போட்டால், 1070 மில்லி. மருந்து கரைத்த நீரைக் கணக்கில் விட்டால், நான்கைந்து மருந்து ஓடும் நாளில் அது சத்தமில்லாமல் ஏறிவிடும்.

8. மூன்றாவது கணக்கு: அட்ரினலின், சிரிஞ்ச் பம்பில்

ஆர்டர்: நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம். ஆம்பூல் 1 மில்லி, அதில் 1 மில்லிகிராம். வார்டின் நிலையான கரைசல்: ஒரு ஆம்பூலை மொத்தம் 50 மில்லி ஆக்குவது.

குழந்தையின் எடைக்கேற்பக் கரைசலைத் தயாரித்து, மணிக்கு 1 மில்லி என்றால் இவ்வளவு என்று வைக்கும் பழைய முறையும் உண்டு. பம்பில் எண் சுலபமாக வரும், ஆனால் ஒவ்வொரு குழந்தையின் சிரிஞ்சிலும் ஒவ்வொரு செறிவு. பக்கத்துப் படுக்கைக்கு சிரிஞ்ச் மாறினால் கதை கந்தல். அதனால் நான் சொல்லித்தருவது நிலையான கரைசல் முறையைத்தான். செறிவு மாறாது, வேகம் மட்டும் மாறும்.

முதலில் ஆம்பூலை மைக்ரோகிராமாக மாற்றி எழுதுங்கள்: 1 மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். 50 மில்லியில் 1000 என்றால் மில்லிக்கு 20. ஆர்டர் எந்த அலகில் இருக்கிறதோ அதே அலகுக்குக் கரைசலைக் கொண்டுவந்த பிறகே சூத்திரத்தைத் தொட வேண்டும்.

```
ml/h = (mcg/kg/min x kg x 60) / (mcg/ml)
     = (0.1 x 11.4 x 60) / 20
     = 3.4
```

பம்பில் mL/h என்ற கட்டத்தில் 3.4 போட்டதும், திரையில் தெரியும் எண்ணை வாய்விட்டுப் படித்து அங்கிருந்து திரும்பி வாருங்கள். 3.4-ஐ 20-ஆல் பெருக்கினால் மணிக்கு 68 மைக்ரோகிராம். 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 1.13. எடையால் வகுத்தால் 0.1. முடிந்தது.

பம்ப் சரியான எண்ணைக் காட்டினாலும் குழந்தைக்கு வேறு ஏதோ போகலாம் என்பதற்கு இரண்டு விஷயம். நீட்டிப்புக் குழாயில் 2 மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கரைசலால் நிரப்பாமல் மாட்டினால், மணிக்கு 3.4 மில்லி வேகத்தில் மருந்து குழந்தையை எட்டவே 35 நிமிடம் ஆகும். பம்ப் ஓடுகிறதே, ரத்த அழுத்தம் ஏறவில்லையே என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மற்றது நேர் எதிர். ஓடிக்கொண்டிருக்கும் அதே வழியில் வேறு மருந்தைத் தள்ளினால் குழாயில் இருக்கும் அட்ரினலின் மொத்தமாக உள்ளே போகும். 1 மில்லி தள்ளினாலே 20 மைக்ரோகிராம், அதாவது 17 நிமிடத்துக்கான மருந்து ஒரு நொடியில். இந்த வழியில் வேறு எதுவும் தள்ளக்கூடாது என்று குழாயிலேயே சீட்டு ஒட்டுங்கள்.

9. தப்பான விடையின் கைரேகை

திரும்பு கணக்கு ஒத்துவரவில்லை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். வேண்டாம். வந்த எண்ணை, வர வேண்டிய எண்ணால் வகுத்துப் பாருங்கள். எத்தனை மடங்கு என்பதே எந்தப் படி உடைந்தது என்று சொல்லிவிடும்.

அட்ரினலின் கணக்கையே எடுங்கள். வர வேண்டியது 3.4. ஒருவருக்கு 3420 வந்தது; ஆயிரம் மடங்கு, அலகு மாற்றவில்லை, 20 மைக்ரோகிராமுக்குப் பதில் 0.02 மில்லிகிராமால் வகுத்திருக்கிறார். இன்னொருவருக்கு 0.057, அறுபதில் ஒரு பங்கு, நிமிடத்தை மணியாக்க மறந்துவிட்டார். மூன்றாமவருக்கு 0.3, கிட்டத்தட்ட பதினோரு பங்கு குறைவு, எடையே கணக்கில் வரவில்லை. 3420-ஐப் பார்த்து எல்லாரும் சிரித்துவிட்டு உடனே திருத்திக்கொண்டார்கள். 0.3-ஐ யாருமே சந்தேகப்படவில்லை, ஏனென்றால் அது பம்பில் போடக்கூடிய எண். கேலிக்குரிய விடை உங்களைக் காப்பாற்றும், நம்பும்படியான விடைதான் கவிழ்க்கும்.

பத்து மடங்கு என்றால் தசமப் புள்ளி. மூன்று மடங்கு, அதுவும் சொட்டில் என்றால் மைக்ரோவுக்கும் மேக்ரோவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு மடங்கு என்றால் வயாலின் செறிவு, இல்லையென்றால் நாளா வேளையா என்ற குழப்பம்.

10. இரண்டாவது ஆளிடம் விடையைச் சொல்லாதீர்கள்

"சிஸ்டர், 11.4 கிலோ, 1.4 மில்லி எடுத்திருக்கேன், சரிதானே?" என்று கேட்டால் பதில் "சரிதான்" என்றுதான் வரும். கேள்வியிலேயே விடை இருக்கிறது. ஆர்டர், எடை, வயால், நிரப்பிய சிரிஞ்ச், செட் ஆகியவற்றை மட்டும் அவர் முன்னால் வைத்துவிட்டு, தாளை மூடிக்கொள்ளுங்கள். அவர் தனியாகப் போட்டு எண்ணைச் சொன்ன பிறகு திறந்து பாருங்கள். ஒத்துவரவில்லை என்றால் மூத்தவர் சொன்னதை ஏற்றுக்கொள்வது வழக்கமாகிவிட்டது, அது கூடாது. இருவரும் மடங்கைக் கண்டுபிடித்து எந்த வரியில் பிரிந்தீர்கள் என்று பார்க்க வேண்டும்.

11. நீங்களே போட மூன்று

அ) 7 மாதம், 6.8 கிலோ. பாராசிட்டமால் வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பாட்டில் 5 மில்லியில் 125 மில்லிகிராம்.

ஆ) 5 வயது, 18 கிலோ. செஃப்ட்ரியாக்சோன் நாளுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம், 12 மணிக்கொரு முறை. கரைத்த பிறகு செறிவு மில்லிக்கு 100 மில்லிகிராம். மொத்தம் 50 மில்லி ஆக்கி 30 நிமிடத்தில். எத்தனை மில்லி எடுப்பீர்கள், எந்தச் செட்டில் எத்தனை சொட்டு?

இ) 20 கிலோ. நீங்கள் ஷிஃப்டுக்கு வரும்போது அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்கிறது. சிரிஞ்ச் லேபிளில் 50 மில்லியில் 2 மில்லிகிராம், பம்பில் 4.5. முந்தைய ஷிஃப்ட் "0.3-ல் ஓடுது" என்று சொல்லிவிட்டுப் போகிறது.

போட்டுவிட்டுக் கீழே பாருங்கள்.

அ) 102 மில்லிகிராம், மில்லிக்கு 25, எனவே 4.08; சிரிஞ்சில் 4 மில்லி. திரும்பினால் கிலோவுக்கு 14.7.

ஆ) நாளுக்கு 1800, வேளைக்கு 900 மில்லிகிராம், 9 மில்லி. வேளைக்கு 1800 என்று எழுதியிருந்தால் மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். வேகம் மணிக்கு 100 மில்லி. மைக்ரோ செட்டில் நிமிடத்துக்கு 100 சொட்டு, அதைக் கண்ணால் எண்ண முடியாது, ஒழுகுவது மாதிரி இருக்கும். மேக்ரோ செட்டில் 33, அதை எண்ணலாம். கரைக்க நார்மல் சலைன் எடுங்கள். ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் இருப்பதால் இந்த மருந்தோடு சேரக்கூடாது.

இ) மில்லிக்கு 40 மைக்ரோகிராம். 4.5 × 40 = 180, நிமிடத்துக்கு 3, கிலோவுக்கு 0.15. சொன்னதில் சரிபாதி. யாரோ 4 மில்லிகிராம் போட்ட கரைசல் என்று நினைத்து வேகம் வைத்திருக்கிறார்கள், அல்லது லேபிளில் எழுதியது தப்பு. இங்கே பெரும்பாலோர் உடனே பம்பை 9 ஆக்கிவிடுகிறார்கள். கையை எடுங்கள். லேபிள்தான் தப்பு என்றால் குழந்தைக்கு இப்போது 0.3 போய்க்கொண்டிருக்கிறது, 9 வைத்தால் 0.6 ஆகிவிடும். லேபிள் சரி என்றால், அந்தக் குழந்தையின் ரத்த அழுத்தம் இவ்வளவு நேரம் 0.15-லேயே நின்றிருக்கிறது. எப்படியானாலும் பம்பைத் தொடாமல் முதலில் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள், எத்தனை ஆம்பூல் உடைத்தீர்கள் என்று சிரிஞ்ச் தயாரித்தவரைப் போனில் பிடித்துக் கேளுங்கள்.